குறட்டைக்கு மூக்கு ஒபரேஷனா, டொன்சில் ஒபரேஷனா, இரண்டும் இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"மூக்கு வளைஞ்சிருக்காம், அதை நிமிர்த்தினா குறட்டை நிற்குமாம், உண்மையா?" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்கள் குறட்டைக்காக காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போனார்கள். ஒருவருக்கு டொன்சிலை எடுத்தார்கள், குறட்டை நின்றது. மற்றவருக்கு மூக்கில் ஒபரேஷன் நடந்தது, ஆனால் அது குறட்டையை நிறுத்துவதற்காக நடந்த ஒபரேஷன் அல்ல. அது எப்படி என்று விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறோம். இருவரின் சம்மதமும் எடுத்தாயிற்று. நாங்கள் படிப்பிக்கிறவர்கள், வைத்தியர்கள் அல்ல. இருவரோடும் கிளினிக்குக்குப் போய், அங்கே நிபுணர் சொன்னதைக் கேட்டு, பிறகு தேடி வாசித்துத் தெளிந்ததை எழுதுகிறோம்.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். குறட்டையில் மூக்கும் சேர்ந்து இரைவதால் அது மூக்கின் சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அது தொண்டையில்தான் பிறக்கிறது. வாயின் மேல்தட்டில் பின்பக்கம் உள்ள மென்மையான சதை, அதில் தொங்கும் உள்நாக்கு, தொண்டையின் பக்கச் சுவர்கள், இவை நித்திரையில் தளர்ந்து, மூச்சுக் காற்றில் படபடவென்று அதிர்வதுதான் அந்தச் சத்தம்.

இதை வகுப்பில் காட்டுவதுபோல் சொல்லலாம். ஒரு வெற்றுப் பேனைக் கூட்டை எடுங்கள். அதன் ஒரு நுனியில் ஐஸ் பக்கெட் அடைக்கிற மெல்லிய பொலித்தீன் குழாயை மாட்டுங்கள். பொலித்தீனின் மறு நுனியை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். பேனைக் கூடுதான் மூக்கு. எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்தது, இலேசில் நசியாது. பொலித்தீன்தான் தொண்டை. அதற்கு எலும்புச் சுவர் இல்லை. உறிஞ்சுகிற நீங்கள் நுரையீரல். பேனை திறந்திருந்தால் காற்று வரும், பொலித்தீனும் ஓரளவு விரிந்தபடி இருக்கும். இப்போது பேனையின் மேல் துளையைப் பெருவிரலால் பாதி மூடிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். பேனைக்கு ஒன்றும் ஆகாது. கீழே இருக்கிற பொலித்தீன்தான் ஒட்டிக்கொள்ளும்.

மூக்கு அடைப்புக்கும் குறட்டைக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். மூக்கு அடைத்தால் தொண்டை கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. வாயும் திறந்துகொள்வதால் நாக்கு பின்னால் சரிகிறது. ஆகவே மூக்கைத் திறந்தால் கொஞ்சம் உதவி கிடைக்கும். ஆனால் பொலித்தீனை வெளியே இருந்து ஏதாவது நெருக்கிக்கொண்டிருந்தால், பேனையை எவ்வளவு திறந்தாலும் அது ஒட்டத்தான் செய்யும். கழுத்தில் சேர்கிற கொழுப்பு அப்படி நெருக்குவதில் முதன்மையானது. டொன்சில் பெருத்திருந்தால் அது பொலித்தீனுக்கு உள்ளேயே இரண்டு கட்டிகளை வைத்ததுபோல.

இனி மச்சானின் கதை. எங்கள் தங்கச்சியின் மாப்பிள்ளை. வயது 44, உயரம் ஐந்தடி ஆறங்குலம், நிறை 96 கிலோ. சொந்த லொறியில் இரவோடிரவாகத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் மரக்கறி ஏற்றிவருகிறவர். குறட்டை பத்து வருடமாக இருக்கிறது. பள்ளியில் இஃதிகாஃப் இருந்த வருடம் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஒருநாள் சளிக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்கிற அவருடைய கூட்டாளி அதே ஒபரேஷனைச் செய்திருக்கிறார். அதோடு மச்சானுக்கு முடிவு வந்துவிட்டது: மூக்கை நிமிர்த்துவது.

கிளினிக்கில் நிபுணர் மூக்கைப் பார்ப்பதற்கு முன் தங்கச்சியைத்தான் விசாரித்தார். குறட்டை ஒரே சீராக இருக்குமா, இடையில் நிற்குமா? நின்றால் எவ்வளவு நேரம்? பிறகு எப்படித் தொடங்கும்? தங்கச்சி சொன்னாள்: "சத்தம் திடீரென்று நிற்கும் டொக்டர். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. பிறகு தண்ணீருக்குள் மூழ்கி எழும்பின மாதிரி ஒரு இழுப்பு இழுப்பார்." அவள் போனில் பதிவு செய்தும் கொண்டுவந்திருந்தாள். அந்த ஒரு நிமிடப் பதிவு எங்கள் எல்லோருடைய பேச்சையும்விட உதவியது.

பிறகு மச்சானிடம் கேட்டார். காலையில் எழும்பும்போது தலையிடி உண்டா? இரவில் எத்தனை தடவை சலம் போகிறீர்கள்? பிரஷர் உண்டா? லொறி ஓட்டும்போது கண் சொக்கியதுண்டா? கடைசிக் கேள்விக்கு மச்சான் எங்கள் முகத்தைப் பார்த்தார். இரண்டு தடவை வண்டி வீதி ஓரத்து மண்ணில் இறங்கிய பிறகுதான் விழித்ததாக அன்றுதான் முதல்முறை சொன்னார். தங்கச்சிக்கும் அதுவரை தெரியாது.

அளவு நாடாவால் கழுத்தை அளந்தார்கள், 44 சென்ரிமீற்றர். கழுத்துச் சுற்று 40 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் அது சந்தேகத்துக்குரிய அடையாளங்களில் ஒன்று. வாயைத் திறந்து பார்த்தபோது டொன்சில் இரண்டும் சிறியவை, தூண்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டு இருந்தன. மெல்லிய வளையும் குழாய்க் கமராவை மூக்கு வழியாக விட்டு, பின்தொண்டையும் நாக்கின் அடியும் நெருக்கமாக இருப்பதைக் காட்டினார். மூக்கின் நடுச்சுவர் உண்மையில் வளைந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு உடனே திகதி கொடுக்கவில்லை. "முதலில் நித்திரைப் பரிசோதனை" என்றார்.

இந்தப் பரிசோதனையை வார்ட்டில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம், சிலருக்குச் சிறிய கருவியைக் கொடுத்து வீட்டிலும் செய்விக்கிறார்கள். விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கின் கீழ் ஒரு சிறு குழாய். வலி கிடையாது. மூச்சு முழுதாகவோ பெருமளவிலோ குறைந்து குறைந்தது 10 செக்கன் நீடித்த தடவைகளை எண்ணி, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை என்று கணக்கெடுக்கிறார்கள். 5க்குக் குறைவானால் அது வெறும் குறட்டை. 5 முதல் 15க்குள் இலேசான நித்திரை மூச்சுத்திணறல். 15 முதல் 30க்குள் நடுத்தரம். 30ம் அதற்கு மேலும் கடுமை.

மச்சானுக்கு வந்தது 41. இரத்தத்தில் ஒட்சிசன் சில நேரங்களில் 74 வீதம் வரை இறங்கியிருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு அடைபட்டு, மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. எட்டு மணித்தியாலம் படுத்தும் அவர் நித்திரை கொள்ளவில்லை என்பதுதான் பொருள். பகலில் கண் சொக்குவது சோம்பலால் அல்ல.

"மூக்கை நிமிர்த்தினால் உங்களுக்கு மூச்சு லேசாகும். இந்த 41 பெரிதாக இறங்காது" என்று நிபுணர் வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் பிறகு வாசித்ததிலும் இதுவே வருகிறது. வளர்ந்தவர்களில் மூக்கு ஒபரேஷன் மட்டும் செய்து மூச்சுத்திணறல் நீங்குவது அரிது. குறட்டைச் சத்தம் சிலருக்குக் குறையலாம், அதுவும் நிச்சயம் இல்லை. அவருக்குத் தேவை சீபேப் என்று சொல்லப்படும் மெஷின். அது முகமூடி வழியாகக் காற்றை ஒரு சீரான அழுத்தத்தில் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் பொலித்தீனை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் இதை முதன்முதலாக வெளியிட்டார். இன்றும் கடுமையான மூச்சுத்திணறலுக்கு முதல் சிகிச்சை அதுதான்.

இன்னொன்றும் சொன்னார்: சிகிச்சை சரியாகும் வரை இரவில் வாகனம் ஓட்டக் கூடாது. "லொறியை நிறுத்தினா அடுப்பு எரியாது டொக்டர்" என்றார் மச்சான். கடைசியில் அவருடைய தம்பி இரண்டரை மாதம் லொறியை ஓட்டினார். வருமானத்தில் பாதி அவருக்குப் போனது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து மெஷினுக்குக் காசு போட்டோம்.

இனித்தான் மூக்கு மறுபடியும் கதைக்குள் வருகிறது. மச்சானுக்கு நீண்ட தாடி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியைப் போட்டால் தாடிப் பக்கமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, விசில் சத்தம் வேறு. இறுக்கிக் கட்டினால் மூக்குத்தண்டில் புண். தாடி உள்ளவர்களுக்கு வசதியானது, மூக்குத் துவாரங்களில் மட்டும் வைக்கிற சிறிய வகை. ஆனால் அதற்கு மூக்கு திறந்திருக்க வேண்டும். மச்சானின் இடப்பக்கம் முற்றாக அடைப்பு, வலப்பக்கமும் இரவில் அடைபடும். இரண்டு மணித்தியாலம் போனதும் நித்திரையிலேயே கழற்றி எறிந்துவிடுவார். மெஷின் உள்ளே பதிந்திருந்த கணக்கைக் கிளினிக்கில் பார்த்தபோது சராசரி இரண்டு மணி இருபது நிமிடம். குறைந்தது நான்கு மணித்தியாலம் வேண்டும், முழு இரவும் போட்டால்தான் முழுப் பலன்.

அப்போதும் நேரே கத்திக்குப் போகவில்லை. மூக்கு அடைப்பு எதனால் என்று பிரித்துப் பார்த்தார்கள். இதை நாமே வீட்டில் ஓரளவு கவனிக்கலாம். அடைப்பு சில நேரம் இடப்பக்கம், சில நேரம் வலப்பக்கம் என்று மாறி மாறி வந்தால், அது பெரும்பாலும் மூக்கின் பக்கச் சுவரில் உள்ள சதைகள் வீங்குவதால் வருவது. ஒவ்வாமை, தூசி, சளி இவற்றால் அது கூடும். ஊரில் "மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கு" என்று சொல்வது பல நேரம் இதைத்தான். எப்போதும் ஒரே பக்கம், மழை வெயில் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி அடைத்திருந்தால், அப்போதுதான் வளைந்த நடுச்சுவர் மீது சந்தேகம் போக வேண்டும். வளைவு என்று பார்த்தால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது இருக்கும். வளைவு இருப்பது மட்டும் வெட்டுவதற்குக் காரணம் ஆகாது.

மச்சானிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பாமசியில் வாங்கும் மூக்கடைப்புத் துளிகள். போட்டவுடன் மூக்குத் திறக்கும், நல்ல சுகம். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அதே துளியே மூக்கை அடைக்கத் தொடங்கும். பிறகு போடாமல் இருக்க ஏலாது. அவர் மாதக்கணக்கில் பாவித்திருந்தார். அதை நிறுத்தி, ஸ்டெரொய்ட் ஸ்பிரே கொடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லி ஆறு வாரம் பார்த்தார்கள். ஸ்பிரேயையும் பலர் பிழையாகத்தான் அடிக்கிறார்கள். தலையை நிமிர்த்தாமல் கொஞ்சம் குனிந்து, வலக் கையால் இடப் பக்கத்துக்கும் இடக் கையால் வலப் பக்கத்துக்குமாக, குழாயின் நுனியை நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் திருப்பி அடிக்க வேண்டும். அடித்த பிறகு பலமாக உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் மூக்கிலிருந்து இரத்தம் வரும்.

ஆறு வாரத்தில் வலப்பக்கம் நன்றாகத் திறந்தது. இடப்பக்கம் அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் நடுச்சுவரை நிமிர்த்தத் திகதி கொடுத்தார்கள். நோக்கம் குறட்டை அல்ல. மெஷினை மூக்கு தாங்க வேண்டும் என்பது.

ஒபரேஷன் முழு மயக்கத்தில் நடந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மூக்கின் உள்ளேயே வெட்டி, தோலை உயர்த்தி, வளைந்த குருத்தெலும்பைச் சீவி நேராக்குகிறார்கள். வெளியே தழும்பு இல்லை, மூக்கின் தோற்றமும் மாறாது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நித்திரை மூச்சுத்திணறல் இருக்கிறது என்பதை முதலே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. மயக்கமும், சில பலமான வலி மருந்துகளும் தொண்டையை இன்னும் தளர்த்தும், மூச்சையும் மந்தமாக்கும். மச்சானை அன்றிரவு முழுவதும் விரல் கிளிப்போடு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மெஷினையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்திருக்கும். உள்ளே வைத்த தகடுகளை ஒரு வாரத்தில் எடுத்தார்கள். மூக்குச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலையைக் கீழே குனியக் கூடாது. குனிந்தால் இரத்தம் கசியும். இங்கே மச்சானுக்குக் கவலை வந்தது: சுஜூது எப்படி? எங்கள் மௌலவியிடம் கேட்டோம். உட்கார்ந்து சைக்கினையால் தொழச் சொன்னார். வுழூவிலும் மூக்குக்குள் தண்ணீரை இழுக்காமல் விடச் சொன்னார். எத்தனை நாளுக்கு என்பதை வைத்தியரிடம் கேட்கச் சொன்னார். வைத்தியர் இரண்டு வாரம் என்றார்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனிக்கச் சொன்னார்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டியது கூடிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் முழுதாக அடைத்து, காய்ச்சலும் வந்தால், நடுச்சுவரில் இரத்தம் தேங்கியிருக்கலாம். அன்றே போக வேண்டும். விட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கே உள்வாங்கிவிடும். அல்ஹம்துலில்லாஹ், மச்சானுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

இப்போது மூக்கில் மட்டும் வைக்கிற முகமூடியோடு ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்கிறார். மெஷினின் அழுத்தத்தையும் 13இலிருந்து 10க்குக் குறைத்தார்கள். லொறியை அவரே ஓட்டுகிறார். ஆனால் கரண்ட் போய் மெஷின் நின்ற இரவில் பழைய குறட்டை அப்படியே வந்தது என்கிறாள் தங்கச்சி. நேராக்கிய மூக்கும் அதே இரவில் அங்கேதான் இருந்தது. நிறையைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு நிறை குறைந்தால் அந்த 41 போன்ற எண்ணிக்கை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையலாம். மச்சான் இதுவரை நான்கு கிலோ குறைத்திருக்கிறார். கல்யாண வீடுகள் விடுகிறதில்லை.

இரண்டாமவர் ராத்தாவின் மகன், எங்கள் மருமகன். வயது 24, நிறை 61 கிலோ. கழுத்தும் மெலிவு. குறட்டை மட்டும் மச்சானோடு போட்டி போடும். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தபோது எங்களுக்கே தெரிந்தது: இரண்டு டொன்சிலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. டொன்சிலின் பருமனை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். தூண்களுக்குள் ஒளிந்திருந்தால் 1, நடுவில் முட்டிக்கொண்டால் 4. இவருக்கு 4. நித்திரைப் பரிசோதனையில் மணித்தியாலத்துக்கு 24.

அதே நிபுணர் இங்கே தயங்கவில்லை. நிறை கூடாத, கழுத்துப் பருக்காத, டொன்சில் 3 அல்லது 4 ஆக உள்ள வளர்ந்த ஒருவருக்கு டொன்சிலை எடுப்பது நல்ல பலன் தரும் என்றார். அடைப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது, அதை எடுக்கவும் முடிகிறது. (குறட்டை இல்லாமல், அடிக்கடி தொண்டை புண்ணாகிக் காய்ச்சல் வருவதற்காகவும் டொன்சில் எடுப்பார்கள். ஒரு வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று என்பது அதற்கு வழக்கமாகப் பார்க்கும் கணக்கு.)

வளர்ந்தவர்களுக்கு இந்த ஒபரேஷனின் பிறகு வரும் நாட்கள் இலேசானவை அல்ல. பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஓடித்திரிவார்கள். பெரியவர்களுக்கு வலி பத்து முதல் பதினான்கு நாள் இருக்கும். நான்காம் ஐந்தாம் நாளில் குறையாமல் கூடவும் செய்யும். காது வலிக்கும். காதில் ஒன்றும் இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வரும் வலி அது. வெட்டிய இடத்தில் வெள்ளை மஞ்சளாகப் படை படியும், அது சீழ் அல்ல, ஆறுகிற புண்ணின் மூடி. வலி மருந்தை நேரத்துக்குக் குடித்து, அது வேலை செய்யும் நேரத்தில் சாப்பிட வேண்டும். ராத்தா முதல் நாள் கஞ்சியும் ஐஸ் கிறீமும் கொடுத்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னது, வெறும் கஞ்சியிலேயே நிற்காமல் சாதாரண சாப்பாட்டுக்குக் கெதியாக வரவேண்டும், விழுங்குவது நின்றால் தொண்டை காய்ந்து வலி கூடும் என்று.

ஏழாம் நாள் இரவு பத்தரைக்கு மருமகன் துப்பியதில் சிவப்பு இரத்தம் வந்தது. ஒரு மேசைக்கரண்டி இருக்கும். ராத்தா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கத் தயாரானாள். எங்களுக்கு வார்ட்டில் தந்த தாளில் தெளிவாக இருந்தது: ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் படை உதிரும்போது இரத்தம் வரலாம், கொஞ்சம் என்றாலும் வீட்டில் காத்திருக்காமல் உடனே வரவேண்டும். த்ரீவீலரில் கொண்டுபோனோம். அன்றிரவு ஊசியில் மருந்து ஏற்றி, வார்ட்டில் வைத்துக் கவனித்தார்கள். இரத்தம் தானாக நின்றது. சிலருக்கு மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிவரும் என்று சொன்னார்கள். வீட்டில் இருந்த அஸ்பிரினைக் கொடுக்கக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருந்தது, அது இரத்தத்தை இன்னும் ஓட்டமாக்கும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நித்திரைப் பரிசோதனையை மீண்டும் செய்தார்கள். 24 இருந்தது 3 ஆகியிருந்தது. இந்த இரண்டாவது பரிசோதனையைத் தேவையில்லை என்று பலர் விடுகிறார்கள். சத்தம் நின்றுவிட்டது என்பதாலேயே மூச்சு அடைபடுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

டொன்சில் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. மேலே சொன்னது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெருத்த டொன்சில். வளர்ந்த ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் பெருத்து வந்தால், அதிலும் கழுத்தில் கட்டி, விழுங்க வலி, காரணம் இல்லாமல் நிறை குறைவு இருந்தால், அதைக் குறட்டைக் கணக்கில் வைக்க வேண்டாம். வெற்றிலை, புகையிலை, சிகரட் பழக்கம் உள்ளவர்கள் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். புற்றுநோயா என்று பார்ப்பதற்கு அப்படியான டொன்சிலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

உள்நாக்கையும் மேல்தட்டின் மென்சதையையும் லேசரால் குறைக்கிற சிகிச்சை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது உள்ளதுதான். ஆனால் வலி கூடியது, குறைந்த சத்தம் வருடங்கள் போகத் திரும்பி வருவதும் உண்டு, சிலருக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கால் வரும். நித்திரைப் பரிசோதனை செய்யாமல் அதற்குத் திகதி தருகிற இடத்தில் நாங்கள் என்றால் கையொப்பம் வைக்கமாட்டோம்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுடைய குறட்டையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. போனில் ஒன்றிரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், சத்தம் நின்று திரும்பத் தொடங்கும் இடம் அதில் இருந்தால் நல்லது. பாவிக்கிற மருந்துகள், மூக்குத் துளி உட்பட, கையில் இருக்கட்டும். இரவில் வாகனம் ஓட்டுகிறவர் என்றால் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லுங்கள்.

திகதி எடுக்கும்போது நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொன்சில் எடுத்த முதல் இரண்டு வாரமும் அடிக்கடி தண்ணீர் குடிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி, அதை விட்டால் இரத்தம் போகும் ஆபத்துக் கூடும். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய மார்க்கத்தில் இடம் இருக்கிறது, ஆனாலும் நம் பையன்கள் பிடிவாதமாகப் பிடிப்பார்கள். மருமகனுக்கு முதலில் தந்த திகதி ஷஃபான் கடைசியில் வந்தது. கிளினிக் நேர்ஸிடம் நோன்பு என்று சொன்னோம், பெருநாளுக்குப் பிந்திய இரண்டாவது வாரத்துக்கு மாற்றித் தந்தார்.